ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுவது: யாருக்குக் கிடைக்கும், எப்போது கேட்க வேண்டும்?



நான் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்படி ஒரு வேலை இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. "போலீஸா? வக்கீலா?" என்று கேட்பார்கள். ரெண்டும் இல்லை. ஒருவர் குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்த பிறகு, அவரை ஜெயிலுக்கு அனுப்பலாமா, வெளியில் விட்டுக் கண்காணித்தால் திருந்திவிடுவாரா என்று நடுவருக்கு ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் எழுத, அவர் வீட்டுக்கும் தெருவுக்கும் நேரில் போய் விசாரிப்பதுதான் என் வேலை. அப்படிப் போகும்போது திண்ணையில் உட்கார வைத்து, மோர் கொடுத்து, எனக்குப் பதில் சொன்னவர்களில் பலர் உங்களைப் போன்ற குழுப் பெண்கள்தான். அதனால்தான் இன்றைக்கு இந்த விஷயத்தைப் பேச எடுத்துக்கொண்டேன்.

ஜெயிலுக்குப் போகாமல் இருக்க மூன்று வழிகள் இருக்கின்றன. பேப்பரிலும் டி.வி.யிலும் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்கிறார்கள். முதலில் அவற்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, நன்னடத்தையின் பேரில் விடுவது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. குற்றம் நிரூபணமாகிவிட்டது, ஆனால் தண்டனை விதிக்காமல், "ஒழுங்காக இருப்பேன்" என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவார்கள்.

இரண்டாவது, சமூக சேவை. இது புதிது. 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் முதல்முறையாக இதை ஒரு தண்டனையாகச் சேர்த்தார்கள். ஜெயிலுக்குப் பதிலாக, ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைக் கூலி வாங்காமல் செய்ய வேண்டும்.

மூன்றாவது, தண்டனையை நிறுத்தி வைப்பது. ஜெயில் தண்டனை விதித்தாகிவிட்டது. ஆனால் மேல்முறையீடு முடியும் வரை அதை நிறுத்தி வைத்து, ஜாமீனில் விடுகிறார்கள். இது விடுதலை இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டத்தை வரிசையாகச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். புதிய சட்டம் வருவதற்கு முன்பு நடந்தது.

ஒரு பையன், வயது 19. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். அப்பா இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர், ஒரு சுய உதவிக் குழுவில் உறுப்பினர். பையன் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு மேல் ஒருவர் வைத்திருந்த செல்போனை எடுத்துவிட்டான். ஒரு கடையில் 1,500 ரூபாய்க்கு விற்றான். நாலாவது நாள் போலீஸ் பிடித்தது, போனையும் மீட்டது. வழக்கு நடந்தது, சாட்சி எல்லாம் முடிந்து, குற்றவாளிதான் என்று நடுவர் முடிவு செய்தார்.

அடுத்த நிமிடம்தான் முக்கியமான நிமிடம். குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை என்ன என்று எழுதுவதற்கு முன், "தண்டனை பற்றி நீ என்ன சொல்கிறாய்?" என்று நடுவர் கேட்பார். கூண்டில் நிற்கிற பையன் பயத்தில் "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்பான். அம்மா வெளியே வராந்தாவில் அழுதுகொண்டிருப்பார். அந்த நிமிடம் அப்படியே போய்விட்டால், ஒரு நல்ல வாய்ப்பு பேசாமலே போய்விடும்.

இந்தப் பையனுக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு கொடுத்த இலவச வக்கீல் அம்மா அந்த நேரத்தில் எழுந்து நாலே வாக்கியம் சொன்னார்: "பையனுக்கு வயது 19. முன்பு வழக்கு எதுவும் இல்லை. நிரந்தர முகவரி இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறான். நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டுகிறேன்." இந்த நாலு வாக்கியத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயது ஏன்? 21 வயது நிரம்பாதவராக இருந்து, குற்றம் ஆயுள் தண்டனைக்கு உரியதாக இல்லாவிட்டால், அவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் இருப்பதுதான் பொது விதி. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கான காரணத்தை நடுவர் எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலர் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தாக வேண்டும். இந்த 21 எந்த நாளில் பார்க்கப்படுகிறது தெரியுமா? திருடிய நாளில் இல்லை. விசாரணை நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்து தண்டனை பற்றி யோசிக்கிற நாளில். உச்ச நீதிமன்றம் 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டது. வாய்தா வாய்தாவாக இழுத்து, பையனுக்கு 22 ஆகிவிட்டால் இந்தத் தனிச் சலுகை போய்விடும். அதனால், "கேஸ் இழுத்தா நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சின்ன வயதுக்காரருக்கு அது நல்லது இல்லை. 18 வயது நிரம்பாமல் குற்றம் செய்திருந்தால் அது வேறு வழி, இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

21 தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. எந்த வயதுக்காரரும், ஆணும் பெண்ணும், நன்னடத்தையில் விடும்படி கேட்கலாம். குற்றம் தூக்குக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதாக இருக்கக் கூடாது. வித்தியாசம் என்னவென்றால், 21க்குக் கீழே அது பொது விதி, மேலே அது நடுவரின் முடிவு. குற்றத்தின் தன்மை, ஆளின் குணம், சூழ்நிலை மூன்றையும் பார்த்து அவர் தீர்மானிப்பார். விடக்கூடிய ஆளாக இருந்தும் விடாவிட்டால், ஏன் விடவில்லை என்று தீர்ப்பில் காரணம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மேல்முறையீட்டில் அதையே ஒரு குறையாகச் சொல்லலாம். நன்னடத்தையில் விடுகிற அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கும் உண்டு.

முன்பு வழக்கு இல்லை என்பது ஏன்? திருட்டு, ஏமாற்றுதல் போன்ற சில குற்றங்கள், அல்லது இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லாத சின்னக் குற்றங்கள் இருக்கின்றன. இவற்றில் முன்பு எந்தத் தண்டனையும் பெறாதவரை, பத்திரம்கூட வாங்காமல் கண்டித்து மட்டும் அனுப்பிவிடலாம். பத்திரம் எழுதி விடுவதற்கு இந்த நிபந்தனை சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் முன் வழக்கு இருந்தால் நடுவர் தயங்குவார், அது இயல்பு.

நிரந்தர முகவரி ஏன்? விடப்படுகிற ஆளுக்கோ, ஜாமீன்தாரருக்கோ அந்தப் பகுதியில் நிலையான வீடு அல்லது ஒழுங்கான தொழில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாடகை வீடு மாறி மாறிப் போகிற குடும்பங்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கின்றன. ரேஷன் கார்டு, ஆதார், வரி ரசீது, படிப்புச் சான்று, வேலை செய்யும் இடத்துக் கடிதம் இவையெல்லாம் கையில் இருந்தால் வக்கீல் அதே இடத்தில் காட்ட முடியும்.

இப்போது நான் அந்தத் தெருவுக்குப் போன கதை. அம்மாவைப் பார்த்தேன், ஐ.டி.ஐ.யில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன், பக்கத்து வீடுகளில் கேட்டேன். ரெண்டு மூணு பேர், "தங்கமான பையன் மேடம், ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்றார்கள். இதை வைத்து என்னால் ஒன்றும் எழுத முடியாது. தங்கமான பையன் ஏன் போனை எடுத்தான் என்று நடுவர் கேட்பார் இல்லையா? அப்புறம் அந்த அம்மாவின் குழுச் செயலாளர் வந்தார். அவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்:

"ஆறு மாசமா ரெண்டு பசங்களோட சேர்ந்து சுத்துறான் மேடம். ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வர்றான். அம்மா வேலைக்குப் போயிட்டா வீட்ல கேக்க ஆள் இல்ல. ஆனா அவங்க மாமாவுக்குப் பயப்படுவான். மாமா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. அங்க வச்சா ஒழுங்கா இருப்பான்."

அவர் பையனைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று தெருவில் சிலர் கோபப்பட்டார்கள். உண்மையில் அவர்தான் அவனைக் காப்பாற்றினார். என் அறிக்கையில், தவறு எதனால் வந்தது, அதைத் தடுக்க யார் இருக்கிறார்கள், எங்கே வைத்தால் கண்காணிக்கலாம் என்று எழுத முடிந்தது. அலுவலர் வந்து கேட்கும்போது புகழ்ச்சி தேவை இல்லை. என்ன மாறினால் இவர் திரும்ப இந்தத் தப்பைச் செய்ய மாட்டார் என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த பதில்தான் தேவை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள், குடிக்கக் கூடாது என்பதையே ஒரு நிபந்தனையாகப் போட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

நடுவர் உத்தரவு இப்படி வந்தது: 10,000 ரூபாய்க்குப் பத்திரம், ஒரு ஜாமீன்தாரர், இரண்டு வருடம். அதில் முதல் ஒரு வருடம் என் கண்காணிப்பில் இருக்க வேண்டும். மாமா வீட்டில் தங்க வேண்டும். இடம் மாறினால் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை என்னை வந்து பார்க்க வேண்டும். போன் சொந்தக்காரருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு. பத்திரக் காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது, கண்காணிப்பு என்று போட்டால் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம்.

இந்த இழப்பீட்டைக் கவனியுங்கள். நம்மில் சிலர் பாதிக்கப்பட்ட பக்கத்தில் நிற்போம். உங்களை அடித்தவரையோ ஏமாற்றியவரையோ நன்னடத்தையில் விட்டால், "எனக்கு ஒன்றுமே இல்லையா?" என்று தோன்றும். விடும்போதே இழப்பீடும் வழக்குச் செலவும் கட்டச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும். மருத்துவ ரசீது, பொருளின் பில் இவற்றை அரசு வக்கீலிடம் கொடுத்து, இழப்பீடு கேட்கச் சொல்லுங்கள்.

ஜாமீன்தாரராக வந்தது பையனின் மாமா. பல இடங்களில் குழு உறுப்பினரைக் கேட்பார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதானே அக்கா" என்பார்கள். சும்மா இல்லை. அந்த ஆள் பத்திரத்தை மீறினால், அதில் எழுதிய தொகையை உங்களைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் கேட்கலாம். தொகை எவ்வளவு, எத்தனை வருடம், என்ன நிபந்தனை என்று படித்துப் பார்த்து, முடிந்தால் மட்டும் போடுங்கள். போட்டால் அது உங்கள் சொந்தப் பொறுப்பு. குழுவின் சேமிப்பையோ குழுவின் பெயரையோ அதில் இழுக்க வேண்டாம்.

இனி, எங்கே சறுக்கியது என்று சொல்கிறேன். ஐந்தாவது மாதம் பையன் என்னைப் பார்க்க வரவில்லை. விசாரித்தால், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவைக் கேட்டேன். "நல்ல வேலைக்குத்தானே மேடம் போயிருக்கான், தப்பா என்ன செஞ்சான்?" என்றார். அவர் மனசுக்கு அது சரிதான். ஆனால் பத்திரத்தில் "இடம் மாறினால் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. நான் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தேன், சம்மன் போனது.

நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். பழைய திருட்டுக்கு உரிய தண்டனையை இப்போது விதிக்கலாம். அதாவது ஜெயில் கதவு மூடிக்கிடந்ததே தவிர, பூட்டு போடவில்லை. அல்லது, முதல் மீறலாக இருந்தால், பத்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம் போடலாம். ஆமாம், ஐம்பதேதான், 1958இல் எழுதிய தொகை. பையன் சம்மன் வந்ததும் ஓடி ஒளியாமல் வந்து நின்றான், சம்பளச் சீட்டைக் காட்டினான். நடுவர் 50 ரூபாய் அபராதம் போட்டு, திருப்பூரில் தங்கலாம் என்று நிபந்தனையை மாற்றிக் கொடுத்தார். முன்கூட்டியே அலுவலரிடம் சொல்லியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. வேலை, கல்யாணம், வீடு மாற்றம் எதுவானாலும், போவதற்கு முன் சொல்ல வேண்டும். சம்மன் வந்தால் போகாமல் இருக்கக் கூடாது. போகாவிட்டால் பிடிவாரண்டு வரும்.

இதே திருட்டு இன்றைக்கு நடந்தால் என்ன ஆகும்? இங்கேதான் சமூக சேவை வருகிறது. திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல்முறையாகக் குற்றவாளி ஆகிறவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான் என்று புதிய சட்டம் சொல்கிறது. மூன்று நிபந்தனையும் சேர்ந்து இருக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே போனை மூன்று விதமாக எடுத்தால் சட்டம் மூன்று விதமாகப் பார்க்கும். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் இருந்து எடுத்தால் அது சாதாரணத் திருட்டு, சமூக சேவைக்கு இடம் உண்டு. ஓடுகிற பஸ்ஸுக்குள் பயணியின் பையில் இருந்தோ, ஒருவர் வீட்டுக்குள் நுழைந்தோ எடுத்தால், அது வேறு பிரிவு. ஏழு வருடம் வரை தண்டனை உண்டு, சமூக சேவை கிடையாது. கையில் இருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது பறிப்பு. அது இன்னொரு பிரிவு, மூன்று வருடம் வரை தண்டனை. அதற்கும் சமூக சேவை இல்லை. போனின் விலை 3,000 ரூபாயாக இருந்தாலும் இதுதான் நிலை. இந்த இரண்டுக்கும் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

அதனால் எஃப்.ஐ.ஆர். நகலில் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள்? பொருளின் மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள்? 303(2) என்றால் சாதாரணத் திருட்டு. 304 என்றால் பறிப்பு. 305 என்றால் வீடு, பஸ், கோயில் சாமி சிலை, அரசாங்கச் சொத்து போன்றவை. மதிப்பு விஷயத்தில், 12,000 ரூபாய்க்கு வாங்கி மூன்று வருடம் ஓட்டிய போனைப் புது விலைக்கே எழுதியிருந்தால், அதை வக்கீலிடம் சொல்லுங்கள். பழைய போனுக்குப் பழைய போன் விலைதான் என்று அவர் வாதாட வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ, பணம் கட்டவோ தயார் என்பதையும் வக்கீல் மூலம் நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

திருட்டைத் தவிர இன்னும் ஐந்து குற்றங்களுக்கு சமூக சேவை உண்டு. அவற்றில் நம் ஊரில் அடிக்கடி பார்க்கக்கூடியவை மூன்று. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பது ஒன்று. இதற்கு 24 மணி நேரம் வரை காவல், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும், அல்லது சமூக சேவை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டாவது, ஒருவரின் மானத்துக்குக் கேடு வரும்படி அவதூறு பேசுவது அல்லது எழுதுவது. மூன்றாவது, மனு கொடுக்க வந்த இடத்தில் அதிகாரியைக் கட்டாயப்படுத்தத் தற்கொலைக்கு முயலுவது. மீதி இரண்டு, அரசு ஊழியர் சட்டத்துக்கு மாறாக வியாபாரம் செய்வதும், நீதிமன்றம் அறிவிப்பு போட்டும் ஆஜராகாமல் இருப்பதும். இந்த ஆறோடு சரி. தெருச் சண்டையில் அடிதடி, சீட்டுப் பண மோசடி இவற்றுக்கெல்லாம் சமூக சேவை கேட்க முடியாது. நன்னடத்தைதான் கேட்க முடியும்.

எத்தனை நாள், தினமும் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று புதிய சட்டத்தில் அளவு எழுதவில்லை. நீதிமன்றம் உத்தரவில் எழுதும். வேலைக்குக் கூலி கிடையாது. செய்யாமல் விட்டால் அதற்குப் பதிலாக ஜெயில் தண்டனை வரும். அதனால் கூலி வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருக்கிறவர், உடம்பு முடியாதவர் என்றால், உத்தரவு போடும் முன்பே வக்கீல் மூலம் சொல்லிவிட வேண்டும். வேலை செய்த நாள்களுக்குக் கையெழுத்தோடு ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சமூக சேவை ஒரு தண்டனை. ஜெயில் இல்லையே தவிர, குற்றவாளி என்ற பதிவு நிற்கும். திருட்டில் இரண்டாவது முறை குற்றவாளி ஆனால் குறைந்தது ஒரு வருடம் கடுங்காவல் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடப்பட்டவருக்கு ஒரு தனிப் பாதுகாப்பு இருக்கிறது. குற்றவாளி ஆனதால் சட்டத்தில் வரக்கூடிய தகுதியிழப்பு அவருக்கு வராது என்று பிரிவு 12 சொல்கிறது. இந்தப் பாதுகாப்பு சமூக சேவை செய்தவருக்கு என்று எழுதப்படவில்லை. ஆகவே படிக்கிற பிள்ளை, வேலைக்குப் போக வேண்டிய பிள்ளை என்றால், "சமூக சேவை போதும்" என்று அவசரப்பட வேண்டாம். "நன்னடத்தைச் சட்டப்படி விடச் சொல்லிக் கேட்க முடியுமா?" என்று வக்கீலிடம் கேளுங்கள்.

பிரிவு 12க்கும் எல்லை உண்டு. நடந்தது நடக்கவே இல்லை என்று அது சொல்லவில்லை. வேலை விண்ணப்பத்தில் "உங்கள் மேல் வழக்கு இருந்ததா?" என்று கேட்டால், இருந்தது, நன்னடத்தையில் விடப்பட்டேன் என்று எழுதி, உத்தரவு நகலை இணைக்க வேண்டும். மறைத்து, பிறகு தெரிந்தால், மறைத்ததே வேலைக்கு உலை வைக்கும். ஏற்கெனவே அரசு வேலையில் இருப்பவர் மேல், அவர் நடத்தைக்காகத் துறை நடவடிக்கை எடுப்பதையும் அது தடுக்காது.

இன்னொன்று. சின்னத் தண்டனைதானே என்று, செய்யாத குற்றத்தை "ஒத்துக்கிட்டுப் போயிடு, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒத்துக்கொண்டால் குற்றவாளி ஆகிவிட்டீர்கள். செய்யவில்லை என்றால் வழக்கை நடத்துங்கள்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். "தண்டனை நிறுத்திவைப்பு" என்று செய்தியில் பெரிய மனிதர்கள் பெயரோடு கேட்டிருப்பீர்கள். வெளிநாடுகளில் சிலவற்றில் தண்டனையை விதித்தே நிறுத்தி வைக்கிற முறை உண்டு. நம் நாட்டில் அந்த வேலையை நன்னடத்தைச் சட்டம் செய்கிறது. இங்கே நிறுத்தி வைப்பது என்றால் மேல்முறையீடு முடியும் வரைதான். மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனை விதிக்கப்பட்டு, அதுவரை ஜாமீனில் இருந்தவர், மேல்முறையீடு செய்யப் போகிறேன் என்று அதே நீதிமன்றத்தில் அன்றைக்கே சொன்னால், அதற்கு அவகாசம் கொடுத்து ஜாமீனில் விட வேண்டும். தனிக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். நடுவர் கொடுத்த தண்டனைக்கு எதிராக செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்தான் கெடு. அங்கே போய்த் தண்டனையை நிறுத்தி வைக்கத் தனியாக மனுப் போட வேண்டும். இதில் குடும்பங்கள் ஏமாறுவது எப்படி என்றால், வீட்டுக்கு வந்தாச்சு, கேஸ் முடிஞ்சாச்சு என்று இருந்துவிடுவார்கள். முடியவில்லை. மேல்முறையீடு தோற்றால் அந்தத் தண்டனையை அனுபவித்தாக வேண்டும்.

இந்தக் கதவுகள் யாருக்கு மூடியிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கொலை போன்ற ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு நன்னடத்தை இல்லை. கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் வழக்கில், 18 வயது தாண்டியவருக்கு, மிகச் சில விதிவிலக்கு தவிர, இந்தச் சலுகை கிடையாது. நண்பன் கொடுத்த பொட்டலத்தை ஒரு நாள் வைத்திருந்தேன் என்றாலும் அதே சட்டம்தான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேல் வன்கொடுமை செய்த வழக்கிலும் 18 தாண்டியவருக்கு இல்லை. கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிர் போன வழக்கில் நன்னடத்தை கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

கடைசியாக, வக்கீல் வைக்கக் காசு இல்லை என்பவர்களுக்கு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. காவலில் இருக்கும் யாருக்கும் உண்டு, ஆணானாலும் சரி. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இருக்கின்றன. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். தீர்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் போங்கள், தீர்ப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். வயதுச் சான்று, முகவரிச் சான்று, படிப்பு அல்லது வேலைச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல் இந்த நாலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, "தண்டனை பற்றிக் கேட்கும்போது நன்னடத்தை அலுவலர் அறிக்கை கேளுங்க" என்று வக்கீலிடம் சொல்லுங்கள்.

உங்கள் ஊராட்சியில் இப்படி நிற்கிற குடும்பம் ஏதாவது இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கேதான் இருப்பேன். தாள்களோடு வந்து பாருங்கள்.